படப் பத்தியில் ஓர் ஆம்புலன்ஸ்

ஒன்பதாம் பிரிவை எழுதிய மகானுபாவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய், "உங்க அம்மா கழுத்துல இதை மாட்டுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். அந்தப் பிரிவு இப்படி ஓடும்:

"பயனர் தேர்ந்தெடுத்த சேவைத் திட்டத்துக்கு உட்பட்டு, எச்சரிக்கைச் சமிக்ஞை பெறப்பட்டவுடன் உதவி மையம் பயனருடன் பேச நியாயமான முயற்சி மேற்கொள்ளும், பதில் கிடைக்காதவிடத்து, நியமிக்கப்பட்ட தொடர்பாளர்களை அவர்கள் பட்டியலிடப்பட்ட வரிசையில் அழைக்கும், பயனரோ தொடர்பாளரோ கோரும் பட்சத்தில் ஆம்புலன்ஸ் சேவைக்குத் தகவல் தரும், அடிப்படைத் திட்டத்தைப் பொறுத்தவரை, எவரிடமிருந்தும் பதில் பெறப்படாவிடின், தொடர்பாளர்களுக்குக் குரல் செய்தி விடப்பட்டு நிகழ்வு முடிவுற்றதாகக் கருதப்படும்."

மூச்சு வாங்குகிறதா? எனக்கும் வாங்கியது. இந்த மாதிரி சமாச்சாரத்தை மனிதர்கள் பேசும் பேச்சாக மாற்றுவதுதான் என் பிழைப்பு. கம்பெனிகள் தங்கள் விதிமுறை ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அதை இரண்டு நிமிட விளக்கப் படத்துக்கு வசனமாக எழுதித் தருவேன். யாரும் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் போடும் அந்தக் காகிதக் குவியலில் என்ன இருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஒரு நியாயத்துக்காகத்தான் இந்த வேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை வந்தது ஒரு பொத்தான் கம்பெனி. தனியாக வசிக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான். விழுந்தாலோ மயக்கம் வந்தாலோ அழுத்த வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் பெட்டி வழியாக உதவி மையத்திலிருந்து ஒருவர் பேசுவார். இரண்டு திட்டங்கள் உண்டு. மேல் திட்டத்தில், யாருமே பதில் சொல்லாவிட்டால் கம்பெனியே ஆம்புலன்ஸை அனுப்பிவிடும். அடிப்படைத் திட்டத்தில் நடப்பது மேலே சொன்னதுதான். குரல் செய்தி விடுவார்கள், கதை முடிந்தது.

என் சித்தியின் கழுத்திலும் அதே பொத்தான்தான், அதே அடிப்படைத் திட்டம்தான். வெளியூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் அவள் மகன், என் தம்பி முறை, வாங்கிக் கொடுத்தது. சித்திக்கு அடிக்கடி தலை சுற்றும். ஒருமுறை சமையலறையில் சாய்ந்ததில் நெற்றியில் தையல் போட்டார்கள். இருந்தும் தனியாகத்தான் இருப்பேன் என்று ஒரே பிடி. ஆக, இந்த வேலையை நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் உறைப்போடு பார்த்தேன் என்றால் யாரும் என்னைத் தப்பு சொல்ல முடியாது.

எடுத்ததும் வசனம் எழுத மாட்டேன். முதலில் ஒரு அட்டவணை போடுவேன். யார், எப்போது, என்ன செய்வார், அது நடக்காவிட்டால் அடுத்து என்ன. பிறகுதான் வசனம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று எண் போட்டுவிடுவேன், வக்கீல் சரிபார்க்க வசதியாக. "நியாயமான முயற்சி மேற்கொள்ளும்" என்பதை "பேசுவோம்" என்று எழுதினால் அது பொய். "பேசப் பார்ப்போம்" என்றால் சரி. ஒரு வாக்குறுதியும் அதன் நிபந்தனையும் ஒரே மூச்சில் வர வேண்டும். வாக்குறுதி இங்கே, நிபந்தனை எங்கேயோ என்றால், கேட்பவர் காதில் வாக்குறுதி மட்டும்தான் தங்கும்.

கம்பெனி பக்கம் இரண்டு பேர். ஒருவர் விற்பனைத் தலைவர். நான் அனுப்பும் ஒவ்வொரு வரைவின் ஓரத்திலும் "இன்னும் கொஞ்சம் புன்னகை" என்று எழுதி அனுப்புவார். ஆகவே எங்கள் ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே புன்னகை. இன்னொருவர் வக்கீலம்மா. கறார் பேர்வழி. புன்னகை "பேசப் பார்ப்போம்" என்பதை "பேசுவோம்" என்று மாற்றியபோது, சத்தமில்லாமல் அதைத் திருப்பி வைத்தவர் அவர்தான். அன்றைக்கே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் "உங்கள் திட்டத்தைப் பொறுத்து" என்ற நிபந்தனையை நான் ஆம்புலன்ஸ் வரியோடு சேர்த்து வைத்திருந்தேனா, புன்னகை அதைத் தூக்கிப் படத்தின் ஆரம்பத்தில் போட்டுவிட்டார். "எங்கள் சேவைகள் உங்கள் திட்டத்தைப் பொறுத்து அமையும். வணக்கம்." எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடவை சொன்னால் போதுமாம், திரும்பத் திரும்பச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். நான் எதிர்த்து நீளமாக ஒரு மெயில் போட்டேன். வாசகம் வசனத்தில் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது அவ்வளவுதான் என்று வக்கீலம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிவாவதற்கு முன், வரைந்த படங்களை வரிசையாக ஓடவிட்டு, யாராவது ஒருவர் குரல் கொடுத்து, ஒரு கரட்டு வீடியோ தயார் செய்வோம். அதை உண்மையான வாடிக்கையாளர் சிலரிடம் காட்டுவோம். காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, பொத்தானை அழுத்தினா என்ன நடக்கும்?" என்று அவர்களையே சொல்லவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்வோம். சித்தியும் அந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தி. அவள் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கரட்டு வீடியோ என் போனுக்கு வந்து சேர்ந்தது. பேருந்தில் பார்க்கக் கூட்டம் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தேதான் முதல் தடவை பார்த்தோம்.

சித்தி இருப்பது முதல் மாடி. கீழே ஒரு தையல் கடை. தையல்காரரிடம்தான் சித்தி வீட்டு மாற்றுச் சாவி இருக்கும். பொத்தான் கம்பெனியின் அழைப்புப் பட்டியலில் முதலில் மகன் பெயர், இரண்டாவதாகத் தையல்காரர் பெயர். ஊருக்குள்ளேயே இருக்கும் என் பெயரைப் போட வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றவே இல்லை. அந்த எரிச்சல் எனக்குத் தனி.

வீடியோவில் ஒரு பாட்டியம்மாள் தரையில் விழுகிறாள். கண் மூடிக் கிடக்கிறாள். விரல் பொத்தானை அழுத்துகிறது. என் குரலில் வசனம்: "உங்களோடு பேசப் பார்ப்போம். பதில் இல்லையென்றால் உங்கள் ஆட்களை வரிசையாக அழைப்போம். கேட்டுக்கொண்டால் ஆம்புலன்ஸுக்கும் சொல்வோம்." ஒவ்வொரு வார்த்தையும் வக்கீலம்மா சரிபார்த்தது. அந்த நேரம் படத்தில் என்ன ஓடியது தெரியுமா? சிவப்பு விளக்கு சுழல ஒரு ஆம்புலன்ஸ் தெருவில் பறந்து வருகிறது. வாசலில் நிற்கிறது. சிரித்த முகத்தோடு இரண்டு பேர் இறங்குகிறார்கள். பாட்டி கண் திறந்து புன்னகைக்கிறாள். குரல் செய்தி பற்றிய வரி வரும்போது அந்தப் பாட்டி நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

சோதனையில் நாம் முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. பதிவை அழுத்திவிட்டு, நீ சொல்லு சித்தி என்றேன்.

"இதுல என்ன இருக்கு. நான் அழுத்தினா அவங்க கூப்பிடுவாங்க. நான் பேசலேன்னா ஆம்புலன்ஸ் வந்துடும்."

"யாரும் போனை எடுக்கலைன்னா?"

"யார் எடுத்தா என்ன, எடுக்கலைன்னா என்ன. அதான் வண்டி வருதே."

சொல்லிவிட்டு அவள் செய்த காரியம்தான் என்னைக் கலங்கடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கீழே தையல்காரரைக் கூப்பிட்டு, சாவியை ஓய்வாக இருக்கும்போது மேலே கொண்டுவந்து கொடுத்துவிடும்படி சொன்னாள். பாவம் அந்த மனுஷன், கடையைப் போட்டுவிட்டு எங்கேயும் போக முடியாமல் என்னால் கட்டுண்டு கிடக்கிறார், பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன், இனிமேல் யாருக்கும் தொந்தரவில்லை என்று என்னிடம் பெருமையாக வேறு சொன்னாள். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் அவள் வாழ்க்கையின் ஒரே கொள்கை. அந்தக் கொள்கைக்கு என் படம் எண்ணெய் ஊற்றிவிட்டது. நானே குரல் கொடுத்த படம்!

பதிவை நிறுத்தினேன். அப்படியெல்லாம் இல்லை, நீ எதையும் மாற்றாதே, படம் தப்பு, சரியான படத்தோடு வருகிறேன், அதுவரை சாவி அவரிடமே இருக்கட்டும் என்று மன்றாடினேன். வசனம் நீதானே எழுதினாய், தப்பு என்று தெரிந்து ஏன் எழுதினாய் என்று கேட்டாள். வசனம் தப்பில்லை சித்தி, படம்தான் தப்பு என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

மறுநாள் கம்பெனியின் கண்ணாடி அறையில் கூட்டம். சித்தியின் பதிவைப் போட்டேன். மற்ற வாடிக்கையாளர்களிடம் எங்கள் ஆட்கள் எடுத்த பதிவுகளையும் போட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோர் வாயிலும் ஆம்புலன்ஸ் வந்தது. புன்னகையின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எல்லோருக்கும் எவ்வளவு நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தேன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆபத்து.

வக்கீலம்மா மட்டும் குழம்பிப்போயிருந்தார். தான் பார்த்த வசனத்தில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லையே, இவர்கள் எல்லோரும் எங்கிருந்து இதைக் கேட்டார்கள் என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வசனத் தாளில் இரண்டு பத்தி இருக்கும். இடப்பக்கம் படம், வலப்பக்கம் குரல். சட்டப் பிரிவுக்கு அனுப்பும்போது கம்பெனியில் வலப்பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படம் என்பது அலங்காரம், அதில் சட்டம் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. காலங்காலமாக அதுதான் அங்கே நடைமுறையாம். இடப்பக்கத்தை நிரப்பியவை, நேராக எங்கள் ஓவியர்களுக்குப் போன புன்னகையின் குறிப்புகள். வக்கீலம்மா அந்த ஆம்புலன்ஸைத் தன் கண்ணால் பார்த்ததே இல்லை.

முழுத் தாளை அவர் முன்னால் வைத்தேன். படப் பத்தியை மட்டும், ஒப்பந்தம் வாசிக்கிற தொனியில், வாய்விட்டு வாசித்தேன்.

"பயனர் பேசாத நிலையிலும் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். ஊழியர் இருவர் இறங்குவர். பயனர் கண் திறப்பார். மேடம், இதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகை இடையில் புகுந்து, கேட்டால் ஆம்புலன்ஸ் வரும்தானே, மேல் திட்டத்தில் கேட்காமலே வரும்தானே, அப்புறம் எப்படிப் பொய் ஆகும் என்றார். கடைசியில் "முழு விதிமுறைகளே இறுதியானவை" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்றார்.

"கண்ணை மூடிக் கிடக்கிறவ எப்படிங்க கேப்பா?" என்றேன். "விதிமுறையைப் படிக்க முடியாதவங்களுக்குத்தான் இந்தப் படமே எடுக்கிறோம். கடைசியில போய் அதையே படிச்சுக்கோன்னு சொல்றதுக்கு எதுக்கு ரெண்டு நிமிஷம்?"

வக்கீலம்மா தாளைத் திருப்பி என்னிடம் தள்ளினார். படம் சொல்வதும் வாக்குறுதிதான், நாளைக்கு வழக்கென்று வந்தால் எதிர்த் தரப்பு இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டும், பொடி எழுத்து நம்மைக் காப்பாற்றாது என்றார். இரண்டு பத்திக்கும் சேர்த்துத்தான் இனிமேல் கையெழுத்து, ஒன்று படத்தை மாற்றுங்கள், இல்லை ஒன்பதாம் பிரிவை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புதிதாக எழுதினேன். நாய்க்குட்டி போயிற்று. அதே இரண்டு நிமிடம், அதே எளிமையான பேச்சு, யாரையும் பயமுறுத்தும் இசை கிடையாது. மேல் திட்டத்துக்குத் தனிப் படம், அடிப்படைத் திட்டத்துக்குத் தனிப் படம். அடிப்படைத் திட்டப் படத்தில் பெட்டியிலிருந்து குரல் கூப்பிடுகிறது. நீங்கள் பேச முடிந்தால், கேட்டால், ஆம்புலன்ஸுக்குச் சொல்வோம். பேச முடியாவிட்டால் முதல் ஆளின் போன் அடிக்கிறது, பிறகு அடுத்த ஆளுடையது. எடுத்தவர் கேட்டாலும் ஆம்புலன்ஸுக்குச் சொல்வோம். "யாருமே எடுக்காவிட்டால், அவர்களுக்குக் குரல் செய்தி விட்டுவிட்டு உங்கள் அழைப்பை முடித்துக்கொள்வோம். இந்தத் திட்டத்தில் நாங்களாக ஆம்புலன்ஸ் அனுப்ப மாட்டோம். அதனால் உடனே போனை எடுக்கக்கூடியவர் பெயரை முதலில் போடுங்கள்." படத்தில், மேஜை மேல் அடித்து ஓயும் ஒரு போன். வக்கீலம்மா இரண்டு பத்தியிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்து மாற்றவில்லை.

சித்தியிடம் போய்க் காட்டினேன், மறுபடியும் பதிவோடு. பார்த்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பேச முடிஞ்சா கேட்டு வாங்கிக்கணும். முடியலைன்னா இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுக்கணும். ரெண்டு பேரும் எடுக்கலைன்னா நான் தரையிலேயே கிடப்பேன்," என்றாள். "அப்படித்தானே?"

"அப்படித்தான் சித்தி."

ஒன்பதாம் பிரிவை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பதிவை அடுத்த கூட்டத்தில் போட்டேன். புன்னகையின் முகம் சுண்டிப்போயிற்று. இந்த அம்மா ரொம்ப எதிர்மறையாகப் பேசுகிறார் என்றார். அவர் சொன்னது நம் விதிமுறைதான், ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை என்றார் வக்கீலம்மா. அப்போது புன்னகை ஒரு வார்த்தை சொன்னார், என் ஜென்மத்துக்கும் மறக்காது.

"இது எல்லாருக்கும் புரிஞ்சா யாருங்க வாங்குவாங்க?"

ஆக, புரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். புரியாமல் இருக்கிற வரைக்கும்தான் வியாபாரம். விளங்காத பாஷையில் எழுதியதும் அதற்குத்தான், விளக்கப் படத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியதும் அதற்குத்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். வயதான மனுஷிகளின் கழுத்தில் பொய்யைக் கட்டித் தொங்கவிடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றும் கேட்டேன். சாயங்காலம் மெயில் வந்தது. விளக்கப் படத் திட்டம் கைவிடப்படுகிறது, விதிமுறைகள் ஏற்கெனவே இணையதளத்தில் முழுமையாக உள்ளன, ஒத்துழைப்புக்கு நன்றி. ஒன்பதாம் பிரிவு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

நேரே சித்தி வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் போன் அடித்தது, தம்பி. சித்தி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எடுத்த எடுப்பில் என் மேல் பாய்ந்தான். படமே வேண்டாமென்று கம்பெனி சொல்லிவிட்டதை நான் சொன்னதும் இன்னும் ஏறியது அவனுக்கு.

"அப்புறம் எதுக்குக்கா அம்மாகிட்ட அதைக் காட்டினே? அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்தாங்க."

கம்பெனிக்காரன் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அவன் விற்க வந்தவன். இவன் பெற்ற பிள்ளை.

"நிம்மதியா இருந்தது அம்மா இல்லடா," என்றேன். "நீ."

சித்தி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை, கடையில் விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"உன் பேருதான் முதல்ல இருக்கு. நான் விழுந்தா போனை எடுப்பியாப்பா?"

அவன் சொன்னது எனக்கும் கேட்டது. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள், அது உனக்கே தெரியும்தானே அம்மா என்றான்.

"தெரியும்," என்றாள் சித்தி. "தையல்காரர் பேரை முதல்ல போடச் சொல்லிட்டேன். அடுத்து உன் அக்கா. நீ அதுக்கப்புறம். கோவிச்சுக்காதப்பா."

கோபித்துக்கொண்டானா, அழுதானா தெரியவில்லை. சித்தி போனை என்னிடம் நீட்டியபோது அவன் இன்னும் வைக்காமல்தான் இருந்தான்.